டிராயிங்ஸ்: ‘பற்று’ என்பதா, ‘எடுப்பு’ என்பதா?

திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பக்கம் ஒரு கருப்பட்டி, வத்தல் மொத்தக் கடை. கடையைப் பார்த்துக்கொள்ளும் கூட்டாளி கல்லாவிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு, கணக்கு எழுதும் பையனிடம் “ஏல, எம் பேருல ஐந்நூறு பத்து எழுது” என்கிறார். பையன் அவர் பேரேட்டுப் பக்கத்தில் ‘பற்று 500’ என்று எழுதுகிறான். ஆடிட்டர் அலுவலகத்தில் இதற்குப் பெயர் டிராயிங்ஸ். பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடநூலில் ‘எடுப்புகள்’. ஒரே பணத்துக்கு மூன்று பெயர். கூட்டாண்மைப் பத்திரத்தில் எதை எழுதுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

‘பற்று’ என்றால் பிடித்துக்கொள்வது. கணக்கில், ஒருவர் பேரில் பிடித்து வைக்கும் தொகை. பேச்சில் அது ‘பத்து’ ஆகிவிட்டது. வரவுக்கு எதிர்ச்சொல்லாக அருமையான சொல். அதனாலேயே அது பொதுச்சொல். கடனுக்குச் சரக்கு வாங்கிய வாடிக்கையாளர் பேரிலும் பற்று எழுதுகிறோம். கூட்டாளியின் பக்கத்திலோ அவர் எடுத்த பணம், அவர் பங்குக்கு விழுந்த நஷ்டம், அவரிடமிருந்து வரவேண்டிய வட்டி எல்லாமே பற்றுதான். ‘எடுப்பு’ அப்படியல்ல. கூட்டாளி தன் சொந்தத் தேவைக்காகக் கடையிலிருந்து எடுத்த பணத்தையும் சரக்கையும் மட்டுமே அது குறிக்கும். பேரேட்டில் பற்று இருக்கட்டும். பத்திரத்தில் எடுப்பு என்றே எழுத வேண்டும்.

இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்கிறது குறள் (449). அங்கே முதல் என்பது போட்ட பணம், ஊதியம் என்பது லாபம். இன்று ஊதியம் என்றால் சம்பளம். பத்திரத்தில் ‘ஊதியம் சரிபாதி’ என்று எழுதிவைத்தால் இரண்டு பக்கமும் இழுக்கலாம். சம்பளத்தைச் சம்பளம் என்றும் லாபத்தை லாபம் என்றும் எழுதுவதே நல்லது. அதுபோலவே ‘பங்காளி’ நம் பக்கத்தில் தாயாதி உறவைக் குறிக்கும் சொல். வியாபாரத்துக்குக் கூட்டாளிதான் பொருத்தம்.

இந்தச் சொற்களைப் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அதே கடையை வைத்துப் பார்ப்போம். ஒருவர் 6 லட்சம் முதல் போட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறார். மற்றவர் 4 லட்சம் போட்டுக் கடையை நடத்துகிறார். பத்திரத்தில் முதல் தொகை மட்டும் இருக்கிறது. லாபப் பங்கும் இல்லை, மாதாமாதம் எடுக்கும் பணத்தைப் பற்றிய பேச்சும் இல்லை. ஆண்டு லாபம் 6 லட்சம். கடையை நடத்துபவர் மாதம் 20,000 வீதம் 2,40,000 எடுத்திருக்கிறார். வெளியூர்க்காரர் ஒன்றும் எடுக்கவில்லை. வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

பங்கு எழுதாததால் லாபம் சட்டப்படி சரிபாதி. எடுத்தது எடுப்பு என்றால் லாபம் ஆளுக்கு 3 லட்சம். நடத்துபவர் 2,40,000 எடுத்துவிட்டதால் அவருக்கு மிச்சம் 60,000. எடுத்தது சம்பளம் என்றால் கதையே வேறு. 6 லட்சத்தில் 2,40,000 செலவாகக் கழிந்து, மீதி 3,60,000 லாபம் ஆளுக்கு 1,80,000. நடத்துபவருக்குச் சம்பளமும் லாபமும் சேர்த்து 4,20,000. வெளியூர்க்காரருக்கு 1,80,000 மட்டும். ஒரு சொல்லால் ஆண்டுக்கு 1,20,000 கை மாறுகிறது. இதே கணக்கு ஐந்து ஆண்டு ஓடினால் 6 லட்சம். நடத்துபவர் போட்ட முதலைவிட அது அதிகம். கடை ஓடும்வரை யாரும் இதைக் கேட்பதில்லை. ஒருவர் விலகும் நாளில்தான் “மாசாமாசம் எடுத்தது சம்பளந்தானே” என்று பேச்சு எழும்.

பத்திரம் பேசாத இடத்தில் 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பேசும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் தொழிலில் உழைத்ததற்காகக் கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. முதல் 6க்கு 4 என்றாலும் லாபமும் நஷ்டமும் சரிபாதி. முதலுக்கு வட்டி உண்டென்று ஒப்புக்கொண்டிருந்தாலும் அதை லாபத்திலிருந்து மட்டுமே கொடுக்கலாம். ஆகவே மேலே சொன்ன கடையில் 2,40,000 எடுப்பாகவே நிற்கும். நடத்துபவர் ஐந்து வருஷம் கடையைத் திறந்து பூட்டிய உழைப்புக்குத் தனியாக ஒரு ரூபாய்கூட வராது. இது அவருக்கு நியாயமில்லை என்று தோன்றினால், பத்திரம் எழுதும் அன்றே சம்பளத்துக்குத் தனி ஷரத்து வைக்க வேண்டும்.

வரித்துறையும் இந்தச் சொற்களைப் பிரித்தே பார்க்கிறது. சம்பளத் தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ பத்திரத்தில் இல்லாவிட்டால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. இருந்தாலும் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கூட்டாளியின் முதலுக்குக் கொடுக்கும் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் வரைதான் செல்லும். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்தம் செய்ய வேண்டும். எடுப்புக்கு இந்தப் பிடித்தம் இல்லை. அதற்காகச் சம்பளத்தை எடுப்பு என்று பெயர் மாற்றி எழுதினால், செலவாகக் கழிக்கும் வாய்ப்பு போய்விடும்.

எடுப்பு ஷரத்தை இப்படி எழுதலாம்:

“கூட்டாளி ஒவ்வொருவரும் மாதம் ரூ.20,000 வரை கடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இது எடுப்பு; சம்பளம் ஆகாது. ஆண்டு முடிவில் அவருடைய லாபப் பங்கில் கழிக்கப்படும். இதற்கு மேல் எடுக்க மற்றவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வீட்டுக்கு எடுத்த சரக்கு கொள்முதல் விலையில் எடுப்பாகச் சேரும். லாபப் பங்கை மிஞ்சிய எடுப்புக்கு ஆண்டு முடிவிலிருந்து 12 சதவீத வட்டி உண்டு.”

சரக்கைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். கல்லாப் பணத்தை எழுதுபவர்கள்கூட, வீட்டுக்குப் போன ஐந்து கிலோ கருப்பட்டியை எழுதுவதில்லை. வருஷக் கடைசியில் இருப்பு குறையும். பழி எடைக் குறைவின் மேலும் கடைப் பையன் மேலும் விழும்.

கணக்கிலும் ஆளுக்கு இரண்டு பக்கம் வேண்டும். போட்ட முதல் ஒரு பக்கத்தில் அசையாமல் இருக்கட்டும். பாடநூல் இதை நிலைமுதல் முறை என்கிறது. லாபம், சம்பளம், வட்டி, எடுப்பு எல்லாம் நடப்புக் கணக்கு என்ற இன்னொரு பக்கத்தில் ஏறி இறங்கட்டும். நடப்புக் கணக்கு பற்றில் நின்றால், எடுப்பு லாபத்தை மிஞ்சிவிட்டது, முதலுக்கே மோசம் வரப்போகிறது என்று பார்த்த உடனே தெரியும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் முதல் கரைவது கண்ணில் படாது.

விலகும்போது தீர்க்க வேண்டியதும் இந்த இரண்டு பக்கங்களைத்தான். முதல் பக்கத்தின் தொகை, நடப்புக் கணக்கின் மிச்சம், அன்றைய தேதிவரை லாபப் பங்கு, சரக்கும் வசூலாகாத நிலுவையும் மதிப்பிட்டபின் வரும் ஏற்ற இறக்கம். வசூலாகாத பாக்கியை முழு மதிப்பில் எடுப்பதா, வர வர ஆளுக்குப் பாதி கொடுப்பதா என்று பத்திரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். பணத்தைத் தீர்க்காமல் கடையை ஓட்டினால், கூட்டாண்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி விலகியவர் தன் சொத்துப் பங்குக்குரிய லாபத்தையோ, ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ, தாம் விரும்பிய ஒன்றைக் கேட்கலாம். பொது அறிவிப்புக் கொடுக்கும்வரை விலகியவரும் வெளியாருக்குப் பொறுப்பாளிதான்.

இங்கே ‘விலகல்’ என்ற சொல்லும் இடறும். மூன்று பேர் கூட்டில் ஒருவர் போனால் அது விலகல். மற்ற இருவரின் கடை தொடரும். இருவர் கூட்டில் ஒருவர் போனால் மிஞ்சியவர் தனி ஆள். ஒருவரை வைத்துக் கூட்டாண்மை இல்லை என்பதால் அது கலைப்பு. அதனால் இருவர் பத்திரத்தில், “ஒருவர் விலகினால் அவர் கணக்கைத் தீர்த்துவிட்டு மற்றவர் கடையைப் பெயரோடும் உரிமங்களோடும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம், அல்லது புதுக் கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ளலாம்” என்ற வரி தனியாக இருக்க வேண்டும்.