விடைத்தாளின் மூலைக்குறியைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தேர்வு விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக்குகிறோமே, அந்த ஓ.எம்.ஆர் தாளின் நான்கு மூலைகளிலும் சிறிய குறிகள் அச்சாகியிருக்கும். வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்டது போன்ற குறி என்று வைத்துக்கொள்வோம். திருத்தும் மென்பொருள் விடைகளைப் படிக்கும் முன் இந்தக் குறிகளைத்தான் தேடுகிறது. காரணம், ஸ்கேனருக்குள் தாள் நேராகப் போவதில்லை. அரை டிகிரி சாய்ந்தால் போதும், 300 டி.பி.ஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம், ஸ்கேன் செய்த ஏ4 பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போகும்போது எல்லாமே சுமார் 30 பிக்சல் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். 4 மில்லிமீட்டர் வட்டத்தின் அகலமே 47 பிக்சல்தான். சாய்வைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் வட்டத்தின் பாதி வெளியே போய்விடும்.

குறியைத் தேடும் வழி, சொல்லப்போனால், மிக எளிது. குறியைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளை ஓரம் விட்டு 60×60 பிக்சலில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்கிறோம். இதற்குப் பெயர் டெம்ப்ளேட். அதைப் பக்கத்தின் மேல் இடது மூலையில் வைத்து, ஒவ்வொரு பிக்சலாக நகர்த்திக்கொண்டே போகிறோம். நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் “அடியில் இருப்பது என்னைப் போல எவ்வளவு இருக்கிறது?” என்று ஒரு மதிப்பெண் போடுகிறோம். அதிக மதிப்பெண் பெற்ற இடத்தில் குறி இருக்கிறது. மதிப்பெண்ணை எப்படிப் போடுவது என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் தோன்றும் வழி, டெம்ப்ளேட்டின் எண்களையும் அடியில் உள்ள எண்களையும் பிக்சலுக்குப் பிக்சல் பெருக்கிக் கூட்டுவது. இது ஏன் உதவாது என்பதை நான்கே பிக்சல் கொண்ட ஒரு சின்ன டெம்ப்ளேட்டை வைத்துப் பார்த்துவிடலாம். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் அதன் எண்கள் 50, 200, 50, 100. இதை இதனோடேயே பெருக்கிக் கூட்டினால் 55,000 வரும். அச்சு அசலாகப் பொருந்தினாலும் அவ்வளவுதான். இப்போது எதுவுமே இல்லாத வெற்றுத்தாளின் மேல் வைப்போம்; அங்கே எல்லாப் பிக்சலும் 250. பெருக்கிக் கூட்டினால் 1,00,000. வெற்றுத்தாள் அசலைத் தோற்கடித்துவிட்டது. இந்தக் கூட்டல் ஒற்றுமையை அளக்கவில்லை, வெளிச்சத்தை அளக்கிறது.

இதற்கு மருந்து பதினொன்றாம் வகுப்புப் புள்ளியியலிலேயே இருக்கிறது. இரண்டு எண் வரிசைகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க ஒட்டுறவுக் கெழு கணக்கிடுவோம் அல்லவா? அதே கெழுதான் இங்கும். முதலில் இரு பக்கமும் அதனதன் சராசரியைக் கழித்து விலக்கங்களை எடுக்கிறோம். விலக்கங்களைப் பெருக்கிக் கூட்டுகிறோம். பிறகு இரு பக்க விலக்கங்களின் வர்க்கக் கூடுதல்களைப் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம். விடை எப்போதும் −1-க்கும் +1-க்கும் இடையில் நிற்கும்.

நம் டெம்ப்ளேட்டின் சராசரி 100. விலக்கங்கள் −50, +100, −50, 0. வர்க்கக் கூடுதல் 15,000. இதே குறி வேறொரு தாளில் மை மங்கிப்போய் 55, 130, 55, 80 என்று பதிவாகியிருக்கிறது என்று கொள்வோம். பார்த்தால் அசலுக்கும் இதற்கும் ஓர் எண்கூடப் பொருந்தவில்லை. ஆனால் சராசரி 80-ஐக் கழித்தால் −25, +50, −25, 0 என்று வருகிறது. வர்க்கக் கூடுதல் 3,750. இரண்டு விலக்க வரிசைகளையும் பெருக்கிக் கூட்டினால் 7,500. 15,000-ஐயும் 3,750-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாலும் 7,500. ஆக மதிப்பெண் சரியாக 1. சராசரியைக் கழித்தபோது வெளிச்சத்தின் கூடுதல் குறைவு போய்விட்டது. வகுத்தபோது மையின் அழுத்தம் போய்விட்டது. வடிவம் மட்டும் மிஞ்சியது.

படங்களை ஆராய உதவும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் இங்கே ஒரு பெயரில் தவறிவிடுவதுண்டு. `TM_CCORR_NORMED` என்பது வகுக்கும், ஆனால் சராசரியைக் கழிக்காது. அதை வைத்து வெற்றுத்தாளுக்கு மதிப்பெண் போட்டால் 0.85 வருகிறது, மங்கிய அசல் குறிக்கு 0.98. நல்லதற்கும் ஒன்றுமில்லாததற்கும் இவ்வளவு சிறிய இடைவெளி இருந்தால் எங்கே கோடு கிழிப்பது? நமக்கு வேண்டியது `TM_CCOEFF_NORMED`.

```python
import cv2
page = cv2.imread("page.png", cv2.IMREAD_GRAYSCALE)
mark = cv2.imread("mark.png", cv2.IMREAD_GRAYSCALE)
win = page[0:400, 0:400]
score = cv2.matchTemplate(win, mark, cv2.TM_CCOEFF_NORMED)
_, best, _, (x, y) = cv2.minMaxLoc(score)
cx, cy = x + 29.5, y + 29.5
```

கடைசி வரியைக் கவனியுங்கள். கிடைக்கும் `x`, `y` குறியின் மேல் இடது மூலை, நடு அல்ல. 60 பிக்சல் அகலத்துக்கு நடு 29.5-இல் இருக்கிறது. மூலையையே நடுவாக எடுத்துக்கொள்ளும் பிழை நான்கு குறிகளுக்கும் சமமாக நேர்ந்தால் சாய்வு சரியாகவே வரும்; ஆனால் விடை வட்டங்கள் எல்லாம் ஒரே அளவுக்குத் தள்ளிப்போயிருக்கும். அதனால் வெகுநேரம் கண்ணில் படாது.

மை அழுத்தத்தை மறப்பது இந்த முறையின் பலம் என்றேன். இதன் பெரிய ஆபத்தும் அதுவேதான். வெற்றுத்தாள் உண்மையில் 250, 250, 250, 250 என்று இருக்காது. ஸ்கேனரின் இரைச்சலில் ஒன்று கூடும், ஒன்று குறையும். 249, 251, 249, 251 என்று வந்தால் விலக்கங்கள் −1, +1, −1, +1. கணக்கிட்டுப் பாருங்கள்: பெருக்கற்கூடுதல் 200, வகுக்கும் எண் ஏறத்தாழ 245, மதிப்பெண் 0.82. கண்ணுக்கே தெரியாத தூசு போன்ற இரைச்சல் நல்ல குறியைப் போல வேடம் போட்டு நிற்கிறது. வகுத்தல் அதை ஊதிப் பெரிதாக்கிவிட்டது. இரைச்சலே இல்லாமல் நான்கும் 250 ஆகவே இருந்தால் வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடும். அது வேறொரு தொல்லை.

இதற்கு இரண்டு காப்பு உண்டு. ஒன்று, டெம்ப்ளேட் போதிய அளவு பெரிதாக இருப்பது. தொடர்பில்லாத இரைச்சலின் மதிப்பெண் பூஜ்யத்தைச் சுற்றி எவ்வளவு சிதறும் என்பதற்கு, 1-ஐப் பிக்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது நல்ல மதிப்பீடு. 3,600 பிக்சலுக்கு அது 0.017 மட்டுமே. அண்டைப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றையொன்று தழுவி வருவதால் நடைமுறையில் சற்றுக் கூடும், ஆனாலும் 0.82-ஐ எட்ட வழியில்லை. 5×5, 7×7 என்று சின்னத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு ‘எங்கெங்கோ பொருந்துகிறதே’ என்று தவிப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது காப்பு, மதிப்பெண்ணோடு சேர்த்து அடியில் உள்ள பகுதியின் திட்டவிலக்கத்தையும் பார்ப்பது. கறுப்பும் வெள்ளையும் கலந்த குறி இருக்கும் இடத்தில் அது பல பத்துகளில் இருக்கும். 10-க்கும் கீழே இருந்தால் மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அந்த இடத்தைத் தள்ளிவிடலாம்.

டெம்ப்ளேட்டை எங்கே வெட்டுகிறோம் என்பதும் இதே காரணத்தால்தான் முக்கியமாகிறது. சில தாள்களில் மூலைக்குறி வெறும் கறுப்புச் சதுரமாக இருக்கும். ‘சதுரம்தானே’ என்று அதன் கறுப்புக்குள்ளேயே வெட்டினால் எல்லாப் பிக்சலும் ஒரே எண்; விலக்கமே இல்லை; ஒப்பிட ஒன்றுமில்லை. முழுக்க ஒரே நிறமான டெம்ப்ளேட்டைக் கொடுத்தால் ஓப்பன்சிவி எல்லா இடத்துக்கும் 1 என்றே போட்டுவிடுகிறது. விடையாக (0, 0) வரும், மதிப்பெண்ணும் முழுமையாக இருக்கும், பிழை என்று எதுவும் திரையில் வராது. வடிவம் என்பது கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பில்தான் இருக்கிறது. ஆகவே நான்கு புறமும் ஐந்தாறு பிக்சல் வெள்ளை ஓரத்தைச் சேர்த்தே வெட்ட வேண்டும். ஓரம் மிகவும் பெருத்துவிட்டால் பக்கத்தில் அச்சான எழுத்தோ பேனாக் கீறலோ உள்ளே வந்து மதிப்பெண்ணைக் குறைக்கும்.

வேலைப்பளுவைப் பற்றியும் சொல்லவேண்டும். 2480×3508 பிக்சல் பக்கத்தில் 60×60 டெம்ப்ளேட் நிற்கக்கூடிய இடங்கள் 2421×3449, அதாவது ஏறத்தாழ 83.5 லட்சம். ஒவ்வோர் இடத்திலும் 3,600 பெருக்கல். மொத்தம் சுமார் 3,000 கோடி. குறி மூலையில்தான் இருக்கும் என்று தெரிந்திருக்கும்போது பக்கம் முழுக்க அலைய வேண்டியதில்லை. மேலே உள்ள நிரலில் 400×400 மட்டும் எடுத்திருப்பது அதற்காகவே. ஒரு மூலைக்கு 42 கோடியாகச் சுருங்கிவிடுகிறது. இடம் தெரியாத தேடலில், படத்தையும் டெம்ப்ளேட்டையும் கால் அளவுக்குச் சுருக்கி முதலில் தோராயமான இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு அதைச் சுற்றி மட்டும் முழு அளவில் தேடுவார்கள். சுருக்கிய படத்தில் சுமார் 12 கோடிப் பெருக்கலோடு வேலை முடியும். ஆனால் குறியின் கோடுகள் 2, 3 பிக்சல் தடிமனே என்றால் கால் அளவில் அவை கரைந்துபோகும். அப்போது அரை அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தாளின் சாய்வு இந்தத் தேடலையே கெடுக்காதா என்று கேட்கலாம். சிறிய டெம்ப்ளேட்டுக்கு அது பெரிதல்ல. நடுவிலிருந்து ஓரம் 30 பிக்சல். 1 டிகிரி சாய்ந்தால் ஓரம் நகர்வது அரை பிக்சல்தான். 10 டிகிரி சாய்ந்தால் 5 பிக்சல் நகரும். கூட்டல் குறியின் கோடு 5 பிக்சல் தடிமன் என்றால் அதன் நுனி தன் இடத்தை விட்டே விலகிவிடும், மதிப்பெண் சரியும். அளவு மாறினாலும் இதே கதைதான்: 300 டி.பி.ஐ-யில் வெட்டிய டெம்ப்ளேட்டை 200 டி.பி.ஐ-யில் எடுத்த பக்கத்தில் தேடினால் குறி கிடைக்காது. இந்த முறைக்குத் திருப்பவும் சுருக்கவும் தெரியாது. கைப்பேசியில் கோணலாக எடுத்த படங்களுக்கு வேறு முறைகளைத்தான் நாட வேண்டும்.

மதிப்பெண் 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள் என்று ஒரே எண்ணை எழுதிவைப்பதைவிட, முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதே நம்பகமானது. உச்சத்தைச் சுற்றி 30 பிக்சலை மறைத்துவிட்டு அடுத்த பெரிய மதிப்பெண்ணை எடுங்கள். மறைக்காவிட்டால் பக்கத்துப் பிக்சலே இரண்டாமிடம் பிடிக்கும். குறியின் மேல் பேனாக் கோடு விழுந்த தாளில் முதலிடம் 0.66 என்று இறங்கியிருக்கும், இரண்டாவது 0.31-தான் இருக்கும். அது நம்பத்தக்க விடை. முதலிடம் 0.74, இரண்டாவது 0.71 என்றால் எண் பெரிதாக இருந்தும் நம்ப முடியாது.

உச்சத்தை ஒரு பிக்சலுக்கும் நுணுக்கமாக அறியவும் வழியுண்டு. உச்சத்திலும் அதன் இடப்புறமும் வலப்புறமும் உள்ள மதிப்பெண்கள் 0.96, 0.90, 0.94 என்றால், மூன்றின் வழியே ஒரு பரவளையம் வரைந்து அதன் முகட்டைப் பார்க்க வேண்டும். இங்கே முகடு வலப்பக்கம் 0.25 பிக்சல் தள்ளி இருக்கும். மேலும் கீழும் இதையே செய்யலாம்.

இப்போது மேல் இடக்குறி (150, 162)-இலும் மேல் வலக்குறி (2330, 181)-இலும் கிடைத்தன என்போம். 2,180 பிக்சல் தூரத்துக்கு 19 பிக்சல் இறக்கம். சாய்வு அரை டிகிரி. அடுத்து, மூன்று குறிகளை வைத்து நான்காவது எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, தேடிக் கிடைத்த இடத்தோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் மூன்று பிக்சலுக்குள் ஒத்துப்போனால் வட்டங்களைப் படிக்கத் தொடங்கலாம். நாற்பது, ஐம்பது பிக்சல் விலகினால் நான்கில் ஏதோ ஒன்று தவறான இடத்தில் பொருந்தியிருக்கிறது, அல்லது தாளின் ஒரு மூலை மடங்கியிருக்கிறது. அந்தத் தாளை மனிதர் பார்வைக்குத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.