சார்ஜரில் 5 வோல்ட், போர்டில் 4.2: மீதி எங்கே போனது?

ராஸ்பெர்ரி பை திரையில் மின்னல் குறி வந்தால் பலரும் முதலில் சந்தேகப்படுவது சார்ஜரை. 3 ஆம்பியர் சார்ஜர் வாங்கி மாட்டியும் குறி போகாதபோதுதான் கேபிள் பக்கம் பார்வை போகும்.

செம்புக் கம்பிக்கும் மின்தடை உண்டு. கம்பி மெலிய மெலிய, நீள நீள அது கூடும். சாதாரண யூஎஸ்பி கேபிள்களில் வரும் 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். கேபிள் ஒன்றரை மீட்டர் என்றாலும் மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே கணக்கில் 3 மீட்டர்: 0.64 ஓம். போர்டு சும்மா இருந்து 0.5 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.32 வோல்ட் போய்விடும், போர்டுக்கு 4.68 கிடைக்கும். எச்சரிக்கை எல்லை சுமார் 4.63 என்பதால் மயிரிழையில் தப்பிக்கும். வேலை ஏறி 1.2 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.77 வோல்ட், மிஞ்சுவது 4.23. பூட் ஆகும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, வீடியோ ஓடும்போதோ யூஎஸ்பி டிஸ்க் செருகும்போதோ குறி வருவது இதனால்தான்.

உண்மையில் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். போர்டிலுள்ள ஸ்விட்சிங் ரெகுலேட்டர்களுக்குத் தேவைப்படும் வாட் மாறாது. வோல்டேஜ் குறைந்தால் அவை அதிக ஆம்பியர் இழுக்கும், இழப்பு மேலும் கூடும். அதே கேபிளில் போன் பிரச்சினையின்றிச் சார்ஜ் ஆவதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். வோல்டேஜ் இறங்கினால் போன் தான் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாகச் சார்ஜ் ஏற்றும். போர்டுக்கு அந்த வசதி இல்லை.

சார்ஜர் முனையில் மட்டும் அளந்தால் 5 வோல்ட்தான் தெரியும், குற்றவாளி சிக்காது. போர்டுக்கு வேலை கொடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஜிபிஐஓ வரிசையின் 2ஆம் பின்னிலும் (5 வோல்ட்) 6ஆம் பின்னிலும் (கிரவுண்ட்) வையுங்கள். புரோப் நழுவி 5 வோல்ட் பின்னைப் பக்கத்துப் பின்னோடு சேர்த்துவிட்டால் போர்டே போய்விடலாம், கவனம். கணநேரச் சரிவுகளை மீட்டர் காட்டாது. அதற்கு இந்தக் கட்டளை:

```
vcgencmd get_throttled
```

`0x0` வந்தால் பிரச்சினை இல்லை. `0x50005` என்றால் இப்போதே வோல்டேஜ் குறைவு, வேகமும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. `0x50000` என்றால் பூட் ஆனபின் எப்போதோ நடந்து முடிந்திருக்கிறது.

கேபிள் வாங்கும்போது உறையில் அச்சிட்ட கேஜ் எண்ணைப் பாருங்கள். எண் சிறிதானால் கம்பி தடிமன். இரண்டு எண்கள் இருந்தால், 28 பெரும்பாலும் டேட்டா ஜோடிக்கு, 24 அல்லது அதற்குக் கீழானது மின்சார ஜோடிக்கு. அதே ஒன்றரை மீட்டரில் 24 கேஜ் என்றால் 1.2 ஆம்பியரில் இழப்பு 0.3 வோல்ட், போர்டில் 4.7, ஒப்பேறும், ஆனால் தாராளமில்லை. 20 கேஜ் என்றால் இழப்பு 0.12தான். பை 4-க்கான அதிகாரபூர்வ சார்ஜர் 18 கேஜ் கம்பியோடு, 5-க்குப் பதில் 5.1 வோல்ட் கொடுப்பதும் இந்த இழப்பை ஈடுகட்டத்தான். புதுக் கேபிள் கைக்கு வரும்வரை, இருப்பதில் மிகக் குட்டையானதை மாட்டுங்கள்: நீளம் பாதியானால் கம்பியில் போகும் வோல்டேஜும் பாதி.