சிவப்பு எழுத்து மட்டும் ஏன் கலங்குகிறது?

கறுப்புப் பின்னணியில் நிரல் எழுதிக் காட்டும் தம் பாடக் காணொளிகளில் வெள்ளை எழுத்துகள் தெளிவாக இருக்க, பிழையைச் சுட்டும் சிவப்பு எழுத்துகள் மட்டும் ஏற்றுமதிக்குப் பின் கலங்கிவிடுவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிட்ரேட்டை இரு மடங்காக்கியும் பயனில்லையாம். பயன் இருக்கவும் முடியாது. ஏனெனில், சுருக்கம் தொடங்கும் முன்பே அங்கே நிறம் தொலைந்துவிடுகிறது.

காணொளிக் கோப்பு ஒவ்வொரு பிக்சலையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று சேமிப்பதில்லை. ஒளிர்வைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரிக்கிறது. நம் கண் ஒளிர்வின் நுட்பங்களைக் காணுமளவுக்கு நிறத்தின் நுட்பங்களைக் காண்பதில்லை என்பதால், 4:2:0 என்னும் வழக்கமான முறையில், இரண்டுக்கு இரண்டாக அமைந்த நான்கு பிக்சல்களும் தத்தம் ஒளிர்வை வைத்துக்கொண்டு ஒரே நிறத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நிழற்படங்களில் இந்த இழப்பு பெரும்பாலும் தெரிவதில்லை. ஒரு பிக்சல் அகலமே உள்ள எழுத்துக்கோட்டில்தான் அது அம்பலமாகிறது.

தூய சிவப்பின் அளவு 255 என்றால் அதன் ஒளிர்வு சுமார் 54 மட்டுமே. எஞ்சிய வேறுபாடு முழுவதையும் நிறம்தான் சுமக்கிறது. சிவப்புக் கோடும் அதை ஒட்டிய கறுப்புப் பிக்சலும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால், அவற்றின் நிறம் சராசரியாகிப் பாதியாகக் குறைகிறது. மீட்டெடுக்கும்போது 255 ஆக இருந்த சிவப்பு சுமார் 155 ஆகத் தேய, 0 ஆக இருந்த கறுப்பு சுமார் 100 ஆகச் சிவக்கிறது. கூர்மையான விளிம்பு இருந்த இடத்தில் மங்கிய பட்டை ஒன்று எஞ்சுகிறது. வெள்ளை எழுத்துக்கு நிறமே இல்லை, ஆகவே இழக்கவும் எதுவும் இல்லை. வெள்ளையும் சேர்ந்தே கலங்கியிருந்தால் காரணம் வேறு: படம் வேறு அளவுக்கு மாற்றப்பட்டிருக்கும், அல்லது பிட்ரேட் உண்மையிலேயே போதாமல் இருக்கும்.

நிறத்தைக் குறைக்காத 4:4:4 முறையிலேயே வெளியிடலாம் என்றால், பல கைபேசிகளும் தொலைக்காட்சிகளும் அதை இயக்குவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு வேறொன்று. 1920×1080 பதிவை, ஒவ்வொரு பிக்சலையும் நான்காகப் பிரதியெடுத்து 3840×2160 ஆக்கிவிட்டால், நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறம் என்ற அதே கஞ்சத்தனமான விதி, மூலப் படத்தின் பிக்சல் ஒன்றுக்கு ஒரு நிறம் என்று தானாகவே மாறிவிடுகிறது! விதியை மீறாமலேயே நிறம் முழுமையாகக் கிடைக்கிறது. காணொளிகளை மாற்றியமைக்கும் ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியில் இதை இப்படிச் செய்யலாம்:

```
ffmpeg -i in.mkv -vf "scale=iw*2:ih*2:flags=neighbor" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p out.mp4
```

`neighbor` என்பதே இதில் உயிர்நாடி. வேறு முறைகள் அண்டைப் பிக்சல்களைக் கலந்துவிடும். மூலப் பதிவிலேயே நிறம் முழுமையாக இருப்பதும் கட்டாயம். திரையைப் பதியும் OBS மென்பொருளின் இயல்பான `NV12` அமைப்பு பதியும்போதே 4:2:0 ஆக்கிவிடுவதால், அதை முன்கூட்டியே `I444` என்று மாற்ற வேண்டும். கோப்பு பெரிதாகும் என்பது ஒரு குறை. இன்னொன்று, காணொளித் தளத்தில் பார்ப்பவர் 2160 வரித் தரத்தைத் தேர்ந்தால்தான் இந்தப் பலன் அவரை அடையும். 1080 வரித் தரத்தைத் தேர்ந்தால், தளம் படத்தைச் சுருக்கி மீண்டும் 4:2:0 ஆக்கும்போது சிவப்பு பழையபடியே கலங்கும்.