ஒரே குறைபோலத் தெரியும் மூன்று குறைகள்: ஜெர்மன் வாடிக்கையாளர் கருத்துகளைத் தொகுத்துக் கொடுப்பது எப்படி

கரூர்ப் பக்கத்தில் வீட்டிலேயே குஷன் கவர் தைத்து இணையச் சந்தை வழியாக ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் அனுப்பும் ஒருவர், வாடிக்கையாளர்கள் ஜெர்மன் மொழியில் எழுதிய கருத்துகளை மொழிபெயர்த்து, "பொதுவாக என்ன குறை சொல்கிறார்கள்" என்று ஒரு பக்கத்தில் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார். இத்தகைய வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. மொழிபெயர்ப்பு சரியாக இருந்தும் தொகுப்பு தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் வாய்ப்பு இதில் அதிகம் என்பதால், அவருடைய அனுமதியுடன், அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றி, அந்த வேலையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஓராண்டில் வந்திருந்த கருத்துகள் 58. அவற்றில் ஏதேனும் ஒரு குறையைச் சொன்னவை 17. முதலில் நான் செய்வது, ஒவ்வொரு கருத்தையும் மூலமொழியில் அப்படியே ஓர் அட்டவணையில் ஏற்றி, அதற்கு எதிரே தேதி, வாங்கிய பொருளின் அளவு, நிறம், நட்சத்திர மதிப்பு, படம் இணைக்கப்பட்டுள்ளதா என்ற விவரங்களைக் குறிப்பதுதான். வாடிக்கையாளர் பெயரை எடுத்து எழுதுவதில்லை; வரிசை எண் போதும். நிறத்தையும் தேதியையும் குறிப்பது வீண் வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பிற்பாடு காரணத்தைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் அந்த இரண்டு கட்டங்கள்தாம்.

அடுத்து முழுக் கருத்தையும் மொழிபெயர்க்க வேண்டும்; குறை சொல்லும் வரியை மட்டும் பெயர்த்தெடுப்பது ஆபத்தானது. "கவர் சின்னதாக இருக்கிறது" என்று முதல் வரியில் எழுதியவர், "60 டிகிரியில் துவைத்தேன்" என்பதை நான்காவது வரியில், வேறொரு பேச்சுக்கு நடுவே எழுதியிருப்பார். தொனியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மன் வாடிக்கையாளர் குறையைச் சுற்றிவளைக்காமல் நேராக எழுதுவது வழக்கம். அதைக் கோபம் என்று எண்ணித் தமிழில் சூடேற்றிவிடக் கூடாது. அதேபோல், குறை கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்ற பொருளில் அவர்கள் எழுதும் ஒரு தொடர் அங்கே நல்ல பாராட்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அரைமனதான சான்றிதழ்போலத் தெரியும். விற்பவர் மனம் நோகக் கூடாது என்று கடுமையைக் குறைக்கும் மொழிபெயர்ப்பாளர்களையும் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்து உண்மையைக் கேட்பவருக்கு அது செய்யும் உதவி எதுவுமில்லை.

மொழிபெயர்ப்பு முடிந்ததும் ஒவ்வொரு கருத்திலிருந்தும் குறைகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். இரண்டு பேர் இரண்டிரண்டு குறைகள் சொல்லியிருந்ததால் 17 கருத்துகளில் 19 குறைகள் கிடைத்தன: அளவு சிறியது என்று 6, சாயம் பற்றி 4, வீட்டு வாசலில் கூடுதல் பணம் கட்ட நேர்ந்தது பற்றி 4, தாமதம் பற்றி 3, ஜிப் பற்றி 1, வாசனை பற்றி 1. இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, "அளவுதான் முதன்மைக் குறை" என்று ஒரு பக்கம் கொடுத்துவிடலாம். அப்படி ஒரு வரைவைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியதுமே, "அப்போ ஒரு இன்ச் கூட்டி வெட்டிடட்டுங்களா?" என்று அவர் கேட்டார். சற்றுப் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த ஆறையும் மறுபடி பிரித்தேன்.

ஆறில் மூன்று பேர் துவைத்த பிறகே சிறிதானது என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேருக்கு, துவைக்கும் முன்பே உள்ளே வைக்கும் பஞ்சுத் தலையணை நுழையவில்லை. ஒருவர், படத்தில் பெரிதாகத் தெரிந்தது என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆக, ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு குறைகள் இருந்தன, மூன்றுக்கும் தீர்வு வேறு. விற்பனைப் பக்கத்தில் அளவு 18 இன்ச் என்று மட்டும் போட்டிருந்தது. அது ஏறக்குறைய 45.7 செ.மீ.; ஆனால் அந்த இரண்டு பேரிடமும் இருந்தது அங்கே பரவலாகப் புழங்கும் 50 செ.மீ. தலையணை. அவர்களுக்குத் துணியில் எந்த மாற்றமும் தேவையில்லை, அளவைச் செ.மீட்டரில் எழுதி, எந்த அளவுத் தலையணைக்குப் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். படம் பற்றிச் சொன்னவருக்கு, நாற்காலிமேல் கவரை வைத்து எடுத்த படமொன்று போதும்.

துவைத்த பிறகு சுருங்கியது வேறு வகை. ஜெர்மன் வீடுகளில் உள்ள துவைக்கும் இயந்திரம் தண்ணீரைத் தானே சூடாக்கும். பருத்தி விரிப்புகளையும் உறைகளையும் 60 டிகிரியில் துவைப்பது அங்கே சாதாரணம். நம் ஊரில் 'மெஷின் வாஷ்' என்றால் பெரும்பாலும் குழாய்த் தண்ணீர்தான். முன்சுருக்கம் செய்யாத கைத்தறிப் பருத்தி சூட்டில் கணிசமாகச் சுருங்கும். இங்குதான் ஜிப் பற்றி வந்த ஒற்றைக் குறை முக்கியமாகிறது. "ஜிப் நெளிநெளியாக இருக்கிறது, மட்டமான ஜிப்" என்று எழுதி ஒருவர் படமும் போட்டிருந்தார். ஜிப்பின் பட்டி பாலியெஸ்டர்; அது சுருங்குவதில்லை. சுற்றியுள்ள பருத்தி சுருங்கும்போது பட்டிக்கு இடம் போதாமல் நெளிகிறது. ஆகவே இது ஜிப்பின் குறையன்று, நான்காவது சுருக்கப் புகார். சிறிதாக வெட்டித் தைத்த கவரில் ஜிப் நேராகத்தான் இருக்கும் என்பதால், படத்தைப் பார்த்தே வெட்டும் பிழையையும் சுருக்கத்தையும் ஓரளவு பிரித்தறியலாம்.

குறை சொல்லாத கருத்துகளையும் அதன் பின் மறுபடி படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்த இரண்டு பேர், "மிக அழகு, ஆனால் குளிர்ந்த நீரில் மட்டும் துவையுங்கள்" என்று மற்றவர்களுக்கு அறிவுரை எழுதியிருந்தார்கள். அவற்றைப் புகார்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனாலும் அவை சுருக்கத்துக்கான சாட்சியங்கள். நட்சத்திரத்தை வைத்துக் கருத்துகளை வடிகட்டி, குறைந்த மதிப்பு உள்ளவற்றை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்பவர்கள் இவற்றை இழந்துவிடுகிறார்கள்.

சாயம் பற்றிய நான்கிலும் தமிழே ஒரு பொறி வைத்திருந்தது. 'சாயம் போகிறது' என்று நாம் சொல்வது, நிறம் பிற துணியில் ஒட்டுவதையும் குறிக்கும், நாளடைவில் வெளிறுவதையும் குறிக்கும். ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் தனித்தனி வினைகள் உண்டு. நால்வருமே சொன்னது பிற துணியில் ஒட்டியதைத்தான். ஒருவரின் வெள்ளைச் சோபா கறைபட்டிருந்தது. அட்டவணையில் நிறத்தையும் தேதியையும் பார்த்தபோது நான்கும் அடர்சிவப்பு, நான்கும் அடுத்தடுத்த இரண்டு மாதங்களுக்குள் வந்தவை. ஒரே சாயப்பட்டறையிலிருந்து ஒரே தவணையில் வந்த நூலா என்று அவரிடம் கேட்டேன், ஆம் என்றார். சாயமேற்றிய பின் ஒட்டாமல் மிஞ்சும் சாயத்தைச் சோப்பு நீரில் போதுமான அளவு அலசி நீக்காவிட்டால் இப்படி ஆவதுண்டு. ஆனால் அது என் ஊகம் மட்டுமே. தொகுப்பில் அதை 'வாடிக்கையாளர் சொன்னது' என்ற பகுதியில் எழுதாமல், 'சோதிக்க வேண்டியது' என்ற பகுதியில் எழுதினேன்: ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைத் துண்டு ஒன்றை இணைத்துத் தைத்து வெந்நீரில் துவைத்துப் பாருங்கள் என்று.

கூடுதல் பணம் கட்டியதாக எழுதியவர்கள் அதைச் 'சுங்கம்' என்றே குறிப்பிட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பில் நானும் சுங்கம் என்றே எழுதினேன், ஏனெனில் அவர்கள் சொன்னது அது. தொகுப்பில் மட்டும் ஒரு விளக்கம் சேர்த்தேன். 2021 ஜூலை 1க்கு முன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் 22 யூரோ வரையான சிறு பொதிகளுக்கு வாட் வரி விலக்கு இருந்தது. அந்தத் தேதி முதல் எல்லா மதிப்புக்கும் வரி உண்டு, ஜெர்மனியில் பொதுவாக 19 சதவீதம். 150 யூரோவுக்கு மேற்படாத பொதிக்கு விற்பனைத் தளமே வரியை வசூலித்துச் செலுத்தும் ஏற்பாட்டை ஐஓஎஸ்எஸ் என்பார்கள். அதற்கான எண், பொதியோடு மின்னணு வடிவில் போகும் சுங்கத் தகவலில் பதிவாகாவிட்டால், வரி கட்டப்படவில்லை என்று கருதி வாங்குபவரிடம் மறுபடி வரியும், அஞ்சல் நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் வசூலிக்கிறார்கள். நான்கு புகார்களும், அவர் பொதி அனுப்பும் முகவரை மாற்றிய பின் வந்த ஆர்டர்களுடையவை. எனவே பார்க்க வேண்டியது முகவரின் பதிவுப் படிவத்தை. விலையைக் குறைப்பதால் இது தீராது.

தாமதம் மூன்றும் மூன்று வெவ்வேறு மாதங்களில், வேறு வேறு நகரங்களுக்குப் போனவை. வாசனை பற்றி ஒருவர் மட்டுமே எழுதியிருந்தார். இவற்றில் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது என்று ஒரு வரியில் முடித்தேன். எண்ணிக்கை குறைவாக உள்ள இடத்தில் காரணம் தேடுவது வீட்டுத் தொழில் செய்பவரின் நேரத்தையும் பணத்தையும் வீணாக்கும்.

ஒரு பக்கத் தொகுப்பில் ஒவ்வொரு குறைக்கும் எத்தனை பேர், எந்தப் பொருள், ஒன்றிரண்டு மேற்கோள்கள், அவற்றின் வரிசை எண் ஆகியவற்றைக் கொடுத்தேன். மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: 58இல் 17 என்பது, பத்தில் மூன்று கவர் பழுது என்று பொருள்படாது. வாங்கியவர்களில் எழுதியவர்கள் ஒரு பகுதியினர்தாம், குறை கண்டவர்கள் அதிகமாக எழுதியிருக்கவும் கூடும்.

அவர் தெரிந்தவர் வீட்டிலிருந்த முன்கதவு இயந்திரத்தில், 50 செ.மீ. சதுரம் குறித்த துணியை 60 டிகிரியில் துவைத்து உலர்த்தி அளந்தார். பாவு வாட்டில் 47 செ.மீ., ஊடை வாட்டில் 48.5 செ.மீ. இருந்தது, அதாவது 6 சதவீதமும் 3 சதவீதமும். ஒரு இன்ச் கூட்டி வெட்டியிருந்தால், குளிர்ந்த நீரில் துவைப்பவர் வீட்டில் கவர் தொளதொளத்திருக்கும், சூட்டில் துவைப்பவர் வீட்டில் ஜிப் அப்படியே நெளிந்திருக்கும். இப்போது துணியை வெந்நீரில் அலசி உலர்த்திய பிறகே வெட்டுகிறார். துவைக்கும் வெப்பநிலையை ஜெர்மன் மொழியில் ஒரு சிறு லேபிளாகவும் தைக்கிறார்.

இந்த மாற்றம் பலித்ததா என்று பார்க்க, கருத்து வந்த தேதியை வைத்துப் பிரிக்கக் கூடாது. பழைய துணியில் தைத்த கவரை வாங்கியவர் பல வாரங்கள் கழித்து, முதல் சலவைக்குப் பின் எழுதுவார். அது புதிய துணியின் குறைபோலத் தோன்றும். ஆகவே அட்டவணையில் இப்போது ஆர்டர் தேதிக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். எந்தத் தேதியிலிருந்து அலசிய துணி போகிறது என்பதை அவர் எழுதி அனுப்பியிருக்கிறார். அடுத்த தொகுப்பில் அந்தத் தேதிக்கு முந்தைய ஆர்டர்களும் பிந்தையவையும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும்.