டியூப்லைட் பக்கக் கன்னம் மட்டும் ஏன் பச்சையடிக்கிறது?

காலை பத்து மணிக்கு ஹாலில் ஜன்னலோரமாக அத்தையை உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். எதிர்ச் சுவரில் எல்.இ.டி. டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நேரில் முகம் நன்றாகத்தான் தெரிந்தது. படத்திலோ ஜன்னல் பக்கக் கன்னம் அத்தையின் மாநிறத்தில் அப்படியே இருக்க, மறு கன்னம் சாம்பலும் பச்சையும் கலந்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவருடையது போல இருந்தது.

டியூப்லைட் பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தது. பகல் வெளிச்சத்துக்கும் ஏறக்குறைய இதே எண்ணைத்தான் சொல்வார்கள். எண் ஒன்றாக இருந்தும் நிறம் ஏன் மாறியது?

ஒரு வெள்ளை ஒளி நீலம் பக்கம் சாய்கிறதா, மஞ்சள் பக்கம் சாய்கிறதா என்பதைத்தான் கெல்வின் எண் சொல்லும். அது பச்சை பக்கம் சாய்வதைச் சொல்லாது. அந்த வெள்ளைக்குள் எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லாது. பகல் வெளிச்சத்தில் வானவில்லின் நிறங்கள் எல்லாம் இடைவெளி இல்லாமல் இருக்கின்றன. சாதாரண எல்.இ.டி. டியூப்பிலோ 450 நானோமீட்டர் அருகே ஒளிரும் ஒரு நீலச் சில்லும் அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பரும் சேர்ந்துதான் வெள்ளையைத் தருகின்றன. அதில் அடர்சிவப்பு மிகக் குறைவு. பழைய பாதரச டியூப்லைட்டில் இன்னொரு தொல்லை: 546 நானோமீட்டரில் பாதரசத்தின் பச்சைக் கோடு தனியாக எழும்பி நிற்கும்.

வெள்ளைத் தாளில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. தோல் காட்டிக் கொடுத்துவிடும். தோலின் மெலனின் நீலத்தை நிறைய விழுங்கும், சிவப்பைக் குறைவாகத்தான் விழுங்கும். அதன் அடியில் ஓடும் ரத்தம் 540 முதல் 580 நானோமீட்டர் வரையுள்ள பச்சை, மஞ்சளில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உள்ள அந்தச் செம்பழுப்பு உயிர்ப்பு பெரும்பாலும் 600-க்கு மேலுள்ள சிவப்பில் இருந்துதான் வருகிறது. விளக்கில் இல்லாத சிவப்பைத் தோல் எங்கிருந்து திருப்பி அனுப்பும்?

சரி, ஜன்னல் வெளிச்சம் அவ்வளவு வலுவாக இருந்தும் டியூப்லைட் எப்படி ஜெயித்தது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜன்னல் பக்கக் கன்னத்தில் பகல் வெளிச்சம் 400 லக்ஸ், டியூப்லைட் 50 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டியூப்லைட்டின் பங்கு ஒன்பதில் ஒன்றுதான், கண்ணில் படாது. மறு கன்னத்தை ஜன்னல் வெளிச்சம் நேராகத் தொடாது. சுவரில் பட்டுத் திரும்பும் 20 லக்ஸ்தான் அங்கே வரும். டியூப்லைட்டின் 50 லக்ஸ் மட்டும் அப்படியே இருக்கும். ஆக அந்தக் கன்னத்தின் ஏழு பங்கு வெளிச்சத்தில் ஐந்து பங்கு டியூப்லைட்டுடையது. அதனால்தான் கோளாறு எப்போதும் நிழல் பக்கத்தில் வருகிறது.

வெள்ளையை வெள்ளையாகக் காட்ட போன் செய்யும் நிறத் திருத்தமான ஒயிட் பேலன்ஸும் இதைச் சரிசெய்யாது. அது வழக்கமாக முழுப் படத்துக்கும் ஒரே திருத்தத்தைத்தான் போடும். மெஜந்தாவைக் கூட்டி நிழல் கன்னத்தின் பச்சையைப் போக்கினால், ஜன்னல் பக்கக் கன்னம் ரோஸ் பவுடர் அப்பியது போலாகிவிடும்.

நான் செய்வது எளிது. டியூப்லைட்டை அணைத்துவிடுவேன். இப்போது ஒரு பக்கம் 400, மறு பக்கம் 20. இருபது மடங்கு வித்தியாசம் என்றால் நிழல் பக்கம் இருண்டுவிடும். அங்கேதான் சினிமாக்காரர்களின் தெர்மோகோல் அட்டை கைகொடுக்கும். அதை நிழல் பக்கத்தில் முகத்துக்கு இரண்டு அடி தள்ளிப் பிடித்தால், ஜன்னல் வெளிச்சமே திரும்பி வந்து அந்தக் கன்னத்தை நிரப்பும். அது 100 லக்ஸ் அளவுக்கு வந்தால் நாலுக்கு ஒன்று என்ற விகிதம். முகத்தின் வடிவமும் தெரியும், நிறமும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும். தெர்மோகோல் இல்லாவிட்டால் வெள்ளை வேட்டியும் போதும். ஆனால் ஒயிட் பேலன்ஸ் எடுக்க வேட்டியை நம்பாதீர்கள். சலவைத்தூளில் உள்ள வெளுப்பூட்டி, ஜன்னல் வழியே வரும் புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிரும். அந்த நீலத்தைக் கழிக்கப் போய் முகம் மஞ்சளாகிவிடும். கடையில் கிடைக்கும் சாம்பல் அட்டைதான் இதற்குச் சரி.

அந்த அட்டையை முகத்தருகே பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு படம், நிழல் பக்கம் திருப்பி ஒரு படம் எடுங்கள். ஒயிட் பேலன்ஸை முதல் படத்தில் பூட்டிவிட வேண்டும். எடிட்டிங் செயலியில் அட்டையின் R, G, B எண்களைப் பாருங்கள். இரண்டு படத்திலும் மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்லது. நிழல் படத்தில் G மட்டும் தூக்கி நின்றால் எங்கோ இன்னும் பச்சை வருகிறது. அணைக்க மறந்த சமையலறை விளக்காக இருக்கலாம், வெளிர்பச்சை டிஸ்டம்பர் அடித்த சுவராகவும் இருக்கலாம். பச்சைச் சுவர் ஜன்னல் வெளிச்சத்தையே பச்சையாக்கி அனுப்பும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

விளக்கை அணைக்கவே முடியாத இடம் என்றால் எதிர்வழி: திரையை இழுத்துவிட்டு டியூப்லைட்டில் மட்டும் எடுக்கலாம். ஒரே ஒளி என்பதால் பச்சையைத் திருத்திவிடலாம். ஆனால் விளக்கில் இல்லாத அடர்சிவப்பைத் திருத்தம் கொண்டுவராது. முகம் சற்று மங்கலாகத்தான் இருக்கும். அந்தச் சிவப்பும் வேண்டுமென்றால், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 95 அளவுள்ள விளக்கு வாங்க வேண்டும். பெட்டியில் ஆர்9 மதிப்பும் தனியாகப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள், அடர்சிவப்பைப் பற்றிச் சொல்வது அந்த எண்தான்.