24 நாள் பூட்டிக் கிடந்த பியூரிஃபையர்

மே மாதம் 24 நாள் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பினோம். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் அடுப்பு போலச் சூடு. மனைவி ஆர்.ஓ. மெஷினில் ஒரு டம்ளர் பிடித்து ஒரு வாய் குடித்தாள். "ஏங்க, குடத்துல நாலு நாள் கெடந்த தண்ணி மாதிரில்லா இருக்கு" என்று சிங்கில் துப்பிவிட்டாள். நானும் குடித்துப் பார்த்தேன். உப்பு இல்லை, கசப்பும் இல்லை. சப்பென்று, லேசான பூஞ்சை வாடையோடு இருந்தது.

சர்வீஸ் தம்பிக்குப் போன் போட்டால், வந்து பார்க்காமலே "கேண்டில் எல்லாத்தையும் மாத்திரலாம் அண்ணாச்சி" என்றான். மாற்றலாம்தான். ஆனால் வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மாற்றினால், காசும் போகும், வாடையும் போகாது. அதைக் கண்டுபிடிக்க மூன்று டம்ளர் போதும்.

முதல் டம்ளரில் மெஷினின் குழாயிலிருந்தே, அதாவது உள்ளே இருக்கும் சேமிப்புத் தொட்டியின் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு தொட்டி முழுவதையும் வடித்தேன். தொட்டி நிறைந்திருந்தால் மிதவை சுவிட்ச் மெஷினை ஓட விடாது. மேல் மூடியைக் கழற்றினால், சுத்திகரித்த தண்ணீரைத் தொட்டிக்குள் விடும் மெல்லிய டியூப் தெரியும். அதை வெளியே எடுத்துப் பாத்திரத்தில் விட்டு மெஷினை ஓடவிட்டேன். பத்து நிமிடத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது டம்ளரைப் பிடித்தேன். மூன்றாவது, மெஷினுக்குப் போகும் மாடித் தொட்டித் தண்ணீர். அதை முகர்ந்து மட்டும் பார்த்தேன்.

மாடித் தண்ணீரில் வாடை இல்லை. டியூப் தண்ணீரும் நன்றாக இருந்தது. முதல் டம்ளரில் மட்டும்தான் அந்த வாடை. ஆக, கேண்டில்கள் மேல் குற்றமில்லை, குற்றவாளி தொட்டி. டியூபில் வரும் தண்ணீரிலேயே வாடை இருந்திருந்தால், தொட்டிக்கு முன்னால் இருக்கும் கடைசிக் கார்பன் கேண்டிலைச் சந்தேகித்திருப்பேன். மாடித் தண்ணீரிலேயே அழுகிய முட்டை வாடை இருந்தால் விஷயம் வேறு. போர் தண்ணீரில் வரும் அந்த வாயு ஆர்.ஓ. சவ்வுக்குள் தாராளமாகப் புகுந்து வந்துவிடும். சவ்வு உப்பைத் தடுக்கும், கரைந்த வாயுவைத் தடுக்காது.

டியூபில் முதலில் வந்த தண்ணீரை ஏன் கொட்ட வேண்டும்? மோட்டார் ஓடும்போது அழுத்தம் தண்ணீரைச் சவ்வு வழியே தள்ளும், உப்பு பின்தங்கிவிடும். மெஷின் நின்றுவிட்டால் அழுத்தம் போய்விடுகிறது. அப்போது உப்பு மெதுவாக ஊறி நல்ல தண்ணீர்ப் பக்கம் வந்துவிடும். எங்கள் மெஷினில் முதல் டம்ளர் டியூப் தண்ணீரில் டி.டி.எஸ். 210 காட்டியது. பத்து நிமிடம் கழித்து 62. சவ்வு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியையும் வாடையையும் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, சுத்தமான தண்ணீர் தொட்டியில் எப்படிக் கெடுகிறது? பஞ்சாயத்து, மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் கலந்து அனுப்புவார்கள். குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். வழியில் கிருமி பெருகாமல் காவல் காப்பது அந்த மீதிதான். மெஷினில் இருக்கும் முதல் கார்பன் அதையும் உறிஞ்சிவிடுகிறது, இல்லாவிட்டால் சவ்வு அரித்துப்போகும். எங்கள் மாடலில் யூ.வி. விளக்கு தொட்டிக்கு முன்னால் இருக்கிறது. கடந்துபோகும் தண்ணீரில் உள்ள கிருமியை அது கொல்லும், தொட்டியில் போய்த் தங்கியதற்குப் பொறுப்பில்லை. மூடி இடுக்கு வழியாகவும் குழாய் மூக்கு வழியாகவும் நாலு நுண்ணுயிர் உள்ளே வந்தால் கேட்க ஆளில்லை. அவை பிளாஸ்டிக் சுவரில் ஒட்டி, பசை போல ஒன்றைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். தினமும் தண்ணீர் எடுக்கும் வீட்டில் வாடை சேர நேரம் கிடைக்காது. 24 நாள் வெக்கையில் எல்லாம் அப்படியே சேர்ந்துவிடுகிறது, பிளாஸ்டிக் வாடையும் கூடவே.

தொட்டிக்குள் விரலைவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் தொட்டியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வழுவழு என்று இருந்தது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்காமல் அடுத்த தண்ணீர் பிடிக்காத ஊர் இது. இந்தத் தொட்டியை நாங்கள் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை.

குளோரினை எடுத்தவுடன் ஊற்றிப் பயனில்லை. அந்தப் பசையே அதைத் தின்றுவிடும். அதனால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மென்மையான ஸ்பாஞ்சும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் வைத்துச் சுவர், மூலை, மிதவை, மூடியின் அடிப்பக்கம் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். கம்பி நார் கூடாது, கீறல் விழுந்தால் அதற்குள் அடுத்த பசை குடியேறும். சோப்பு போக அலசி, மெஷினைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, மறுபடி மின்சாரத்தையும் உள்வரும் வால்வையும் அடைத்தேன்.

இப்போது அளவு. 8 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் மொத்தம் 400 மில்லிகிராம். என்னிடம் இருந்த வாசனை சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட் 4 சதவீதம், அதாவது ஒரு மில்லிக்கு 40 மில்லிகிராம். ஆக 10 மில்லி, இரண்டு டீஸ்பூன். இந்தத் திரவம் வெயிலில் வலு குறையும், போன வருஷத்துப் புட்டியை நம்பக்கூடாது. பிளீச்சிங் பவுடர் கிணற்றுக்குச் சரி, இங்கே சுண்ணாம்பு மாதிரி அடியில் தங்கும். வினிகர் உப்புக் கறையை எடுக்கும், ஆனால் கிருமிக்கு அதை நம்ப முடியாது. வினிகரையும் குளோரினையும் எக்காரணம் கொண்டும் சேர்க்கக்கூடாது, விஷ வாயு கிளம்பும். ஆசிட் கலந்த பாத்ரூம் கிளீனருக்கும் இதே எச்சரிக்கை.

கலக்கிவிட்டு, குழாயைத் திறந்து குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடினேன். குழாய் மூக்குக்குள்ளும் மருந்து போக வேண்டுமே. தண்ணீர் தொடாத மேல்சுவரையும் மூடியையும் அதே தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தேன். அரைமணி நேரம் அப்படியே விட்டு முழுவதும் வடித்தேன்.

மருந்தைத் தொட்டிக்குள்தான் ஊற்ற வேண்டும், மெஷினுக்குத் தண்ணீர் வரும் வழியில் அல்ல. பக்கத்துத் தெரு மாமா ஒருவர் யாரோ சொன்னதைக் கேட்டுக் கார்பனைக் கழற்றிவிட்டு அந்த வழியாக ஊற்றினார். சில நாளில் டி.டி.எஸ். ஏறத் தொடங்கி, சவ்வை மாற்ற வேண்டியதாயிற்று. கார்பனைக் கழற்றாமல் ஊற்றியிருந்தால் கார்பனே குளோரினைத் தின்றிருக்கும், தொட்டிக்கு ஒன்றும் வந்திருக்காது. சிங்குக்கு அடியில் அழுத்தத் தொட்டி வைத்த மாடல்கள் வேறு மாதிரி. அங்கே தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு கார்பன் உண்டு, தொட்டியும் திறக்காது. அதைச் சர்வீஸ்காரரிடம் விடுவதே நல்லது.

அப்புறம் இரண்டு தொட்டித் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கொட்டினோம். குளோரின் வாடை அடியோடு போயிற்று. அந்த 16 லிட்டர் முருங்கைக்கும் தரை துடைக்கவும் ஆயிற்று. மூன்றாவது தொட்டியில் மனைவி குடித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் சொம்பை நிரப்பி வைத்தாள்.

ஆவணியில் மறுபடி ஊருக்குப் போனபோது மின்சாரத்தையும் வால்வையும் அடைத்து, தொட்டியை மட்டும் வடித்து, உள்ளே துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். சவ்வுப் பக்கம் ஈரமாகவே இருக்கட்டும், அது காயக்கூடாது. திரும்பி வந்ததும் முதல் தொட்டியைக் கொட்டினோம். அவ்வளவுதான் வேலை.