வெள்ளிக் கோட்டுக்குக் கீழே மூன்று நானோமீட்டர்

மதுரையில் இப்போது மொட்டை மாடிக்கு மொட்டை மாடி சோலார் பேனல் நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால், கருநீலச் செல்களின் மேல் தலைமுடி கனத்தில் வெள்ளிக் கோடுகள் நெருக்கமாக ஓடுவது தெரியும். வெயில் சிலிக்கானுக்குள் கிளப்பிவிட்ட எலக்ட்ரான்கள் வெளியே வருவது அந்தக் கோடுகள் வழியாகத்தான். வெள்ளி அருமையாக மின்சாரம் கடத்தும், சிலிக்கானும் ஓரளவு கடத்தும். வில்லங்கம் இரண்டும் தொடும் இடத்தில்.

பல செல்களின் மேல்பரப்பில் பாஸ்பரஸ் கலந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும் ஒரு எலக்ட்ரானைத் தருகிறது. அதன் மேல் உலோகத்தை ஒட்டினால், எல்லையோரத்து எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள் இறங்கிவிடும். அவற்றை இழந்த பாஸ்பரஸ் அணுக்கள் நேர்மின்னூட்டத்தோடு அங்கேயே நிற்கும். அடுத்து வரும் எலக்ட்ரானை அவை உலோகத்துக்குப் போகவிடாமல் பின்னுக்கு இழுக்கும். இதுதான் ஷாட்கி தடுப்பு. சிலிக்கானில் இதன் உயரம் 0.7 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பத்தில் ஒரு எலக்ட்ரானுக்குக் கிடைப்பது சுமார் 0.026தான். அந்த வெப்பத்தை மட்டும் நம்பி மேலே ஏறித் தாண்டும் வாய்ப்பு, ஏறத்தாழ 50,000 கோடியில் ஒன்று.

சரி, வேறு உலோகத்தைப் போட்டால் தடுப்பு இறங்காதா? கொஞ்சம் இறங்கும், அவ்வளவே. சிலிக்கானின் பரப்பில் இருக்கும் எலக்ட்ரான் நிலைகளே தடுப்பின் உயரத்தைப் பெருமளவு பிடித்து வைத்துவிடுகின்றன என்று 1947இல் இயற்பியலாளர் ஜான் பார்டீன் விளக்கினார். ஆகவே உயரத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. கைவைக்க வேண்டியது அகலத்தில்.

50 லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு 1 பாஸ்பரஸ் என்று கலந்தால், அந்த 0.7 மேட்டை எழுப்பும் அளவு மின்னூட்டம் சேர, எல்லையிலிருந்து சுமார் 300 நானோமீட்டர் ஆழம் வரை எலக்ட்ரான்கள் காலியாக வேண்டும். 500 அணுக்களுக்கு 1 என்று கலந்தால்? ஒவ்வொரு அடுக்கிலும் மின்னூட்டம் 10,000 மடங்கு அடர்த்தி. மேடு சட்டென்று எழுந்துவிடுகிறது, 3 நானோமீட்டர் போதும். அடர்த்தி 10,000 மடங்கு ஏறினால் அகலம் அதன் வர்க்கமூலமான 100 மடங்கு குறையும் என்பதுதான் கணக்கு. உயரம் அப்படியேதான் இருக்கிறது.

குவாண்டம் இயற்பியலில் எலக்ட்ரான் ஒரு அலை. தடுப்புக்குள் அந்த அலை பட்டென்று அறுபடாது, தேய்ந்துகொண்டே போகும். தேய்வது அடுக்குக்குறி வேகத்தில். அதனால் 300 நானோமீட்டரைக் கடந்து மறுபுறம் எதுவும் மிஞ்சாது. 3 நானோமீட்டரில் கணிசமாக மிஞ்சும்: நான் போட்ட தோராயக் கணக்கில் ஏறத்தாழ 700 எலக்ட்ரான்களில் ஒன்று ஊடுருவிப் போய்விடுகிறது. 50,000 கோடியில் ஒன்று எங்கே, 700இல் ஒன்று எங்கே! இரு திசையிலும் இதே வசதி இருப்பதால் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் ஓடும். ஓம் விதிக்கு அடங்கிய இந்தத் தொடுகைதான் ஓமிக் தொடுகை. ஏறித் தாண்டும் தொடுகை சூட்டுக்குச் சூடு மாறும், ஊடுருவும் தொடுகை அவ்வளவாக மாறாது. சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது மின்னழுத்தம் குறைவதற்குக் காரணம் வேறு, இந்தத் தொடுகை அல்ல.

நடைமுறையில், வெள்ளித் தூளும் கண்ணாடித் தூளும் கலந்த பசையை அச்சடித்து, சுமார் 800 டிகிரி உலையில் சில நொடிகள் ஓடவிடுவார்கள். உருகிய கண்ணாடி மேலிருக்கும் சிலிக்கான் நைட்ரைடு பூச்சை அரித்து வழி திறக்கும், வெள்ளி சிலிக்கானைத் தொடும். சூடு பற்றாவிட்டால் பூச்சு முழுதாக அரிக்கப்படாது. சூடு மீறினால் வெள்ளி அரை மைக்ரோமீட்டர்கூட இல்லாத பாஸ்பரஸ் அடுக்கைத் துளைத்து அடியில் ஷார்ட் ஆகிவிடும்.

9 ஆம்பியர் தரும் ஒரு செல்லில் கோடுகள் தொடும் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டர் தொடுகையின் தடை 1 மில்லிஓம் என்றால் இழப்பு சுமார் 1 மில்லிவோல்ட்தான், கவலையில்லை. அதுவே 100 மில்லிஓம் ஆனால் 0.11 வோல்ட் போய்விடும். செல் தருவதே 0.6 வோல்ட் சுமாருக்குத்தான், ஆறில் ஒரு பங்குக்கும் மேல் அங்கேயே சூடாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க, செல்லுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து இருட்டில் அகச்சிவப்புக் கேமராவால் படம் எடுப்பார்கள். மின்சாரம் பாயும் இடம் அகச்சிவப்பில் ஒளிரும், தொடுகை கெட்ட இடம் கருமையாக விழும். விரிசலும் கருப்பாகத்தான் தெரியும், ஆனால் அதன் ஓரம் கத்தரித்தாற்போல் இருக்கும்.

அப்படியானால் பரப்பு முழுக்க பாஸ்பரஸைக் கொட்டிவிடலாமே? கூடாது. அடர்த்தி ஏற ஏற, மேல்பரப்பிலேயே உறிஞ்சப்படும் நீல ஒளி தந்த மின்னூட்டங்கள் கோட்டை எட்டுமுன் ஒன்றோடொன்று சேர்ந்து அழிந்துபோகும். அதனால் கோடுகளுக்கு நேர் கீழே மட்டும் கெட்டியாகவும் மற்ற இடத்தில் லேசாகவும் கலக்கும் முறை வந்தது. கோட்டுக்கும் கெட்டிப் பட்டைக்கும் சில பத்து மைக்ரோமீட்டர் துல்லியத்தில் பொருத்தம் வேண்டும். அச்சு கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளி லேசான பகுதியில் உட்கார்ந்து, அங்கே பழைய தடித்த தடுப்பு திரும்பிவிடும்.